பேட்டரி ட்ரில் ஒன்றை விவரித்து எழுதுவது எப்படி? வோல்ட், சக், உடன்வரும் பொருட்கள், ஏற்ற வேலைகள்

ட்ரில் மெஷின் ஒன்றை விற்பதற்காகவோ, வாடகைக்கு விடுவதற்காகவோ, பணிமனையின் பொருட்பட்டியலில் சேர்ப்பதற்காகவோ விவரம் எழுத உட்காரும்போது, அதைப் படிக்கப் போகிறவர் கருவியைக் கையில் தொட்டுப் பார்க்க முடியாதவர் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தன்னிடம் உள்ள சுவரிலோ மரத்திலோ இரும்பிலோ, தனக்கு வேண்டிய அளவில் இந்தக் கருவி துளை போடுமா, போடாதா? பெரும்பாலான விவரங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. "சக்தி வாய்ந்தது, வீட்டுக்கும் தொழிலுக்கும் ஏற்றது" என்று தொடங்கி, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை வரிசையாகப் பெயர்த்து எழுதிவிட்டு முடிந்துவிடுகின்றன. எண்களை முதலில் சரிபார்த்து, அந்த எண்கள் அனுமதிக்கும் வேலைகளை மட்டும் கடைசியில் எழுதுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு பேட்டரி ஹேமர் ட்ரில்லை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர்த்தகட்டில் 18 வோல்ட், துளையிடும் பிட்டைப் பிடிக்கும் முன்வாயான சக் 1.5 முதல் 13 மி.மீ., வேகம் முதல் கியரில் நிமிடத்துக்கு 0 முதல் 500 சுற்று, இரண்டாம் கியரில் 0 முதல் 1,800 சுற்று, அடிகள் நிமிடத்துக்கு 27,000 வரை, முறுக்குவிசை 50 மற்றும் 27 நியூட்டன் மீட்டர், துளை அளவு இரும்பில் 13, மரத்தில் 38, செங்கல் சுவரில் 13 மி.மீ. என்று இருக்கிறது. இது இந்த வகுப்புக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் அளவுதான். இதற்கு விவரம் எழுதுவதையே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கருவி எந்த வகை என்று உறுதி செய்தல்

வகையைத் தவறாக எழுதிவிட்டால், பின்னால் வரும் எல்லா எண்களும் சரியாக இருந்தும் விவரம் தவறாகிவிடும். தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் நான்கு கருவிகள் உள்ளன. சாதாரண ட்ரில் சுழல மட்டும் செய்யும். ஹேமர் ட்ரில் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் மிகச் சிறிய தட்டல்களையும் தரும். ரோட்டரி ஹேமர் எனப்படுவது உள்ளே ஒரு பிஸ்டனால் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பிட்டின் பின்புறத்தில் பலமாக அடிக்கும். இம்பாக்ட் டிரைவர் என்பது துளை போடுவதற்கான கருவியே அன்று. அது ஸ்க்ரூவையும் போல்ட்டையும் சுழலும் திசையிலேயே தரும் தட்டல்களால் முறுக்குவது. "இம்பாக்ட்" என்ற சொல்லைச் சிலர் ஹேமர் ட்ரில்லுக்கும் பயன்படுத்துவதால், இம்பாக்ட் டிரைவரை வாங்கிவிட்டு அதில் கான்கிரீட் துளையிட முயல்பவர்கள் உண்டு. ஆகையால் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி நிறுத்தாமல், கருவி என்ன செய்யும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள்.

வகையைக் கண்டறிய கருவியின் முகப்பையும், சக்கிற்குப் பின்னால் உள்ள வளையத்தையும் பாருங்கள். வளையத்தில் ஸ்க்ரூ, ட்ரில் பிட், சுத்தியல் என மூன்று படங்கள் இருந்தால் அது ஹேமர் ட்ரில். சுத்தியல் படம் இல்லையென்றால் சாதாரண ட்ரில். சக் இருக்க வேண்டிய இடத்தில், முன்னுக்கு இழுக்கக்கூடிய ஒரு சிறு உலோகக் குழலும் அதற்குள் அறுகோணத் துளையும் இருந்தால் அது இம்பாக்ட் டிரைவர். வரிப்பள்ளங்கள் வெட்டிய அடித்தண்டுள்ள பிட்டைச் செருகும் வாய் இருந்தால் அது எஸ்.டி.எஸ். வகை ரோட்டரி ஹேமர். நம் எடுத்துக்காட்டுக் கருவியின் வளையத்தில் மூன்று படங்களும் உள்ளன. ஆகையால் விவரத்தின் முதல் வரி "பேட்டரி ஹேமர் ட்ரில், துளையிடுதல், ஸ்க்ரூ முறுக்குதல், தட்டல் சேர்த்துத் துளையிடுதல் ஆகிய மூன்று நிலைகள் உண்டு" என்று அமையும்.

இரண்டாம் படி: வோல்ட்டைச் சரிபார்த்தல்

படிப்பவர் அதிகம் ஏமாறுவது இந்த எண்ணில்தான் என்பதால் இதில் சற்று நேரம் செலவிடுவது தகும். பேட்டரிக் கருவியின் வோல்ட் என்பது பேட்டரிக்குள் தொடராக இணைக்கப்பட்ட லித்தியம்-அயன் செல்களின் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் அது 4.2 வோல்ட் வரை இருக்கும். வேலை செய்யத் தொடங்கியதும் இறங்கிவிடும். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் சராசரி 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21 வோல்ட்டை ஒட்டி வரும். "20 வோல்ட் மேக்ஸ்" என்று பெயரிடப்படும் கருவிகளும் இதே ஐந்து செல் கருவிகள்தான். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் காணப்படும் அளவை ஒருவர் எழுதுகிறார். வேலையின்போது நிற்கும் சராசரி அளவை இன்னொருவர் எழுதுகிறார். எனவே 18 என்றதைவிட 20 என்றது வலிமை கூடியது என்று எண்ண இடம் தரும்படி விவரம் எழுதக் கூடாது. அதேபோல் "12 வோல்ட் மேக்ஸ்" என்பது மூன்று செல். அதன் சராசரி 10.8 வோல்ட்.

இதைவிடப் பெரிய சிக்கல், மலிவான சில கருவிகளின் மேல் 48, 88, 128 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் வோல்ட் போலத் தோன்றும் ஓர் எழுத்துக் குறியையும் சேர்த்து வைத்திருப்பது. அத்தகைய பேட்டரியைத் திறந்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல்கள்தான் இருக்கும். பேட்டரியைத் திறக்காமலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. சார்ஜரின் அடியில் உள்ள லேபிளில் வெளியீடு என்ற வரியைப் படியுங்கள். அங்கே 12.6 வோல்ட் என்றிருந்தால் மூன்று செல், 16.8 என்றிருந்தால் நான்கு செல், 21 என்றிருந்தால் ஐந்து செல். ஏனெனில் ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் சார்ஜரின் வெளியீடு செல் எண்ணிக்கையை 4.2 ஆல் பெருக்கிய தொகையாகவே அமையும். கருவியின் உடலில் 88 என்றும் சார்ஜரில் 21 என்றும் கண்டால், விவரத்தில் 18 வோல்ட் வகுப்பு என்று எழுதுவதே நேர்மை. சில சார்ஜர்கள் பல வகைப் பேட்டரிகளுக்குப் பொதுவானவை என்பதால் ஒரு வீச்சையே காட்டும். அப்போது இந்தக் கணக்கு பயன்படாது. அதற்குப் பதிலாகப் பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆம்பியர்-மணியால் வகுத்தால், அச்சிட்டவர் எந்த வோல்ட்டைக் கணக்கில் எடுத்தார் என்பது தெரிந்துவிடும். நம் கருவியின் பேட்டரியில் 36 வாட்-மணி, 2.0 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது, வகுத்தால் 18.

வோல்ட்டை எழுதும் வரியிலேயே ஆம்பியர்-மணியையும் எழுத வேண்டும். வோல்ட் மட்டும் இருந்தால் கருவியின் வகுப்பு தெரியுமே தவிர, அது எவ்வளவு நேரம் ஓடும் என்பது தெரியாது. அதே 18 வோல்ட்டில் 4.0 ஆம்பியர்-மணிப் பேட்டரி 72 வாட்-மணி ஆற்றலைத் தாங்கும். அதாவது இரு மடங்கு. ஆனால் எடையும் கூடும். பெரும்பாலும் அதற்குள் ஐந்துக்குப் பதில் பத்து செல்கள் இருக்கும். அதனால் எடையைக் குறிப்பிடும்போது "பேட்டரியுடன்" அல்லது "பேட்டரி இல்லாமல்" என்று கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்.

கம்பியில் ஓடும் ட்ரில்லாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே 230 வோல்ட் என்பது சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரத்தின் அளவு மட்டுமே. அதற்கும் 18 வோல்ட்டுக்கும் வலிமையில் ஒப்பீடே இல்லை. அத்தகைய கருவிக்கு எந்த மின்னழுத்த வீச்சில் ஓடும் என்பதையும், எத்தனை வாட் இழுக்கும் என்பதையும், கம்பியின் நீளத்தையும் எழுதினால் போதும். வாட் என்பது கருவி உள்ளே இழுக்கும் அளவு. பிட்டின் முனைக்கு அதில் ஒரு பகுதிதான் வந்து சேரும்.

மூன்றாம் படி: சக்கின் அளவு

"13 மி.மீ. சக்" என்று படித்தவுடன் 13 மி.மீ. துளை போடும் கருவி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சக்கின் அளவு என்பது அது பிடிக்கக்கூடிய பிட்டின் அடித்தண்டு அளவு. போடக்கூடிய துளையின் அளவு அது அன்று. தண்டு சிறுத்த 16 மி.மீ. பிட்டை 13 மி.மீ. சக்கில் பொருத்தலாம், ஆனால் அதை இரும்பில் ஓட்டும் வலிமை இந்த மோட்டாருக்கு இல்லை. அதேபோல் மரத்தில் 25 மி.மீ. துளை போடும் தட்டைப் பிட்டின் தண்டு 6.35 மி.மீ. அறுகோணமாகத்தான் இருக்கும், அது 10 மி.மீ. சக்கிலும் நன்றாகப் பொருந்தும். ஆகவே சக்கின் அளவையும் துளையின் அளவையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள்.

பெரிய அளவை எழுதுகிறவர்கள் சிறிய அளவை விட்டுவிடுகிறார்கள். நம் கருவியின் சக் 1.5 மி.மீ. முதல் பிடிக்கிறது. நுண்வேலை செய்பவர் 1 மி.மீ. பிட்டைச் செருகினால் மூன்று தாடைகளும் முழுதாக மூடிய பின்பும் பிட் நடுவே தளர்ந்து நழுவும். அவருக்கு 0.8 மி.மீ. முதல் பிடிக்கும் 10 மி.மீ. சக்தான் பொருந்தும். இந்தச் சிறிய எண் இல்லாத விவரத்தால் அவர் தவறான கருவியை வாங்கிவிடுவார்.

அடுத்து, சாவி போட்டு இறுக்கும் சக்கா, கையால் இறுக்கும் சக்கா என்பதை எழுத வேண்டும். சாவிச் சக் பிட்டை உறுதியாகப் பிடிக்கும். சாவி தொலைந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் சாவி உடன் இருக்கிறதா என்பதையும் குறிப்பிட வேண்டும். கைச் சக்கில் வெளி உறை உலோகமா பிளாஸ்டிக்கா என்பது தெரிந்தால் நல்லது. பழைய கருவியாக இருந்தால் சக்கை ஒருமுறை அருகில் வைத்துப் பார்த்துவிட்டே எழுதுங்கள். தாடைகளை மெதுவாக மூடி, வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கமாக நோக்கினால் மூன்று முனைகளும் ஒரே புள்ளியில், ஒரே உயரத்தில் கூட வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கி நின்றால் தேய்மானம் அல்லது இடையில் சிக்கிய தூசு. பிறகு நேரான 6 மி.மீ. பிட் ஒன்றைப் பொருத்தி, குறைந்த வேகத்தில் ஓட்டி, முனையைக் கவனியுங்கள். முனை வட்டமடித்தால் உடனே சக்கின் மேல் பழி போட வேண்டாம், பிட்டே வளைந்திருக்கலாம். பிட்டைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நேரான பிட் இரண்டு மாற்றிப் போட்டும் முனை வட்டமடித்தால் குறை சக்கிலோ அதைத் தாங்கும் தண்டிலோ உள்ளது. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ரோட்டரி ஹேமரின் எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டுகளின் தண்டு 10 மி.மீ. விட்டம் உள்ளது. அதனால் அவை மூன்று தாடைச் சக்கிலும் பொருந்தும் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தாடைகள் அந்தப் பள்ளங்களின் மேல் சரியாக உட்காராது. பிட் நழுவும், தாடையும் கெடும். "நேரான அல்லது அறுகோணத் தண்டுள்ள பிட்டுகளுக்கு மட்டும்" என்ற ஒரு வரி இந்தத் தவறைத் தடுக்கும்.

நான்காம் படி: வேகமும் முறுக்குவிசையும்

இரண்டு கியர்களின் வேகத்தையும் தனித்தனியே எழுதுங்கள். அவை சுமையில்லாத வேகம் என்பதையும் குறிப்பிடுங்கள். முறுக்குவிசைக்கு நம் கருவியில் இரண்டு எண்கள் உள்ளன: 50, 27. முதலாவது, போல்ட் தலை உலோகத்தில் முட்டித் திடீரென நிற்கும்போது கிடைப்பது. சுழன்றுகொண்டிருக்கும் பகுதிகளின் வேகமும் அதில் சேர்ந்துவிடும். இரண்டாவது, மரத்துக்குள் ஸ்க்ரூ இறங்க இறங்க எதிர்ப்பு சிறிது சிறிதாக ஏறும்போது மோட்டார் தொடர்ந்து தாங்குவது. மரவேலை செய்பவருக்கு உண்மையாகப் பயன்படுவது இந்தச் சிறிய எண்தான். விளம்பரத்தில் பெரிய எண் மட்டுமே இருக்கும் என்பதால், நீங்கள் இரண்டையும் எழுதினாலே உங்கள் விவரம் தரத்தில் உயர்ந்துவிடும். கிளட்ச் வளையத்தில் 20 நிலைகள் இருப்பது முறுக்குவிசையின் அளவு அன்று. ஸ்க்ரூ எந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்வு செய்யலாம் என்பதையே அது காட்டுகிறது.

நிமிடத்துக்கு 27,000 அடி என்ற எண்ணும் விளக்கம் வேண்டுவது. ஹேமர் ட்ரில்லுக்குள் பற்கள் வெட்டிய இரண்டு வட்டத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்குவதால்தான் தட்டல் பிறக்கிறது. 27,000-ஐ 1,800 சுற்றால் வகுத்தால் 15. அதாவது ஒரு சுற்றுக்கு 15 தட்டல். இது எண்ணிக்கை மட்டுமே. அடியின் பலம் அன்று. ரோட்டரி ஹேமர் நிமிடத்துக்கு ஐயாயிரம் அடிகளைச் சுற்றியே தந்தாலும் ஒவ்வொரு அடியும் பலமானது என்பதால் அதன் பலத்தை ஜூல் என்ற அலகில் தருவார்கள். ஹேமர் ட்ரில்லுக்கு அந்த அலகு பொதுவாகத் தரப்படுவதில்லை. ஆகவே இவ்விரண்டின் அடி எண்ணிக்கையை ஒப்பிட்டு எழுதுவது படிப்பவரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

ஐந்தாம் படி: உடன்வரும் பொருட்கள்

பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வைத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து எழுதுவது பழைய கருவிகளில் மட்டுமன்றிப் புதியவற்றிலும் சிக்கலாகும். ஏனெனில் ஒரே கருவி பேட்டரி இல்லாத வெறும் உடலாகவும், ஒரு பேட்டரியுடனும், இரண்டு பேட்டரியுடனும் விற்கப்படுகிறது. வெறும் உடல் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதை அடியில் எழுதினால் பலர் கவனிக்க மாட்டார்கள்.

பேட்டரிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் ஆம்பியர்-மணி, அவை எந்தத் தயாரிப்பு வரிசையின் தளத்தைச் சேர்ந்தவை ஆகியன தேவை. 18 வோல்ட் என்பது பொதுவாக இருந்தாலும் ஒரு தயாரிப்பாளரின் பேட்டரி மற்றவரின் கருவியில் பொருந்தாது. சில வேளை ஒரே தயாரிப்பாளரின் பழைய வரிசையும் புதிய வரிசையும் கூடப் பொருந்துவதில்லை. சார்ஜருக்கு அதன் உள்ளீட்டு மின்னழுத்தத்தை எழுதுங்கள். உலகில் சில நாடுகளில் 100 முதல் 127 வோல்ட்டும் பிற நாடுகளில் 220 முதல் 240 வோல்ட்டும் வருவதால், ஒரே வீச்சில் மட்டும் ஓடும் சார்ஜர் வேறொரு நாட்டில் பயன்படாது. சார்ஜ் ஏறும் நேரத்தைக் கையேட்டிலிருந்து எடுக்கலாம்; இல்லையெனில் சார்ஜர் வெளியிடும் ஆம்பியரைக் கொண்டு தோராயமாகக் கணக்கிடலாம். 2.0 ஆம்பியர்-மணிப் பேட்டரியை 1.7 ஆம்பியர் சார்ஜர் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முடிவில் மின்னோட்டம் குறைவதால் இன்னும் சில நிமிடம் கூடும்.

பக்கக் கைப்பிடி உண்டா இல்லையா என்பதைச் சிறு விஷயமாக நினைக்க வேண்டாம். பெரிய பிட் மரத்திலோ இரும்பிலோ திடீரென்று சிக்கும்போது பிட் நின்று கருவி சுழலத் தொடங்கும். அந்தத் திருகல் மணிக்கட்டுக்குப் போகாமல் தடுப்பது அந்தக் கைப்பிடிதான். 50 நியூட்டன் மீட்டர் வகுப்பில் அது இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். ஆழ அளவுகோலும் பல கருவிகளில் இதே கைப்பிடியில்தான் மாட்டப்படும்.

பிட்டுகளைப் பற்றி "100 பொருட்கள் அடங்கிய தொகுப்பு" என்பது போன்ற மொத்த எண்ணிக்கை யாருக்கும் உதவாது. அதில் பாதி சிறு ஸ்க்ரூ பிட்டுகளும் பிளாஸ்டிக் பிளக்குகளுமாக இருக்கலாம். எந்தப் பொருளுக்கானது, எந்த அளவு, எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். முனையைப் பார்த்தாலே வகை தெரியும். சுவர் பிட்டின் முனையில் தண்டைவிடச் சற்று அகலமான ஒரு கார்பைடுத் துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். மரப் பிட்டின் நடுவில் ஊசி போன்ற கூர்முனை நிற்கும். இரும்புக்கான பிட்டின் முனை வெறும் கூம்பாக, கூரான இரு வெட்டு விளிம்புகளுடன் இருக்கும். ஸ்க்ரூ பிட்டுகளில் பிலிப்ஸும் போசிடிரைவும் ஒன்றுபோலத் தோன்றும். சிலுவையின் கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருந்தால் அது போசிடிரைவ். மாற்றிப் போட்டால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து போகும் என்பதால் இந்த வேறுபாட்டை எழுதுவது வீணன்று.

ஆறாம் படி: ஏற்ற வேலைகளும் ஏற்காத வேலைகளும்

இதுவரை சேர்த்த எண்கள் இப்போதுதான் பயன்படுகின்றன. ஒவ்வொரு வேலையையும் எழுதும்போது பொருள் எது, துளை எவ்வளவு, எந்தப் பிட், எந்த நிலை என்ற நான்கும் இருக்க வேண்டும். "கான்கிரீட்டுக்கு ஏற்றது" என்பதில் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கிறது.

இரும்பில் தொடங்குவோம். தகட்டில் 13 மி.மீ. என்றிருப்பது உச்ச எல்லை; முதலில் 4 அல்லது 5 மி.மீ. துளை போட்டு, முதல் கியரில், எண்ணெய் விட்டு, கூரான பிட்டால் மெதுவாகச் செய்தால் எட்டக்கூடியது. நாள்தோறும் இரும்பில் துளையிடுபவருக்கு 10 மி.மீ. வரை என்று எழுதுவதே பாதுகாப்பு. கியரைத் தேர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. மென்னிரும்பில் பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் வெட்டினால் நன்று. அந்த வேகத்துக்கு 10 மி.மீ. பிட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 640 சுற்று சுழல வேண்டும்; 3 மி.மீ. பிட்டோ 2,100 சுற்று. ஆகவே பெரிய பிட்டுக்கு 500 சுற்றுள்ள முதல் கியரும், சிறிய பிட்டுக்கு இரண்டாம் கியரும் பொருந்துகின்றன. 10 மி.மீ. பிட்டை இரண்டாம் கியரில் ஓட்டினால் சீவல் வருவது நின்று, கீச்சொலி எழுந்து, முனை நீலம் பாய்ந்துவிடும். பிறகு அந்தப் பிட் வெட்டாது. இதை ஒரு வரியாக விவரத்தில் சேர்க்கலாம்.

மரத்தில் 38 மி.மீ. என்பது மென்மரத்தில், முதல் கியரில், தகுந்த பிட்டோடு என்று பொருள்படும். கடின மரத்தில் 25 மி.மீ.க்கு மேல் போனால் 2.0 ஆம்பியர்-மணிப் பேட்டரி விரைவில் தீரும்; கருவியும் சூடேறும். ஸ்க்ரூ முறுக்குவதற்கு இந்தக் கருவி மிகப் பொருத்தம். தடித்த ஸ்க்ரூவுக்கு முன்துளை வேண்டும் என்று சேர்த்து எழுதினால் போதும்.

சுவர்தான் விவரம் எழுதுபவரின் நேர்மையைச் சோதிக்கும் இடம். தகட்டில் உள்ள 13 மி.மீ. என்ற எண் செங்கல் சுவருக்கானது, கான்கிரீட்டுக்கானது அன்று. இவ்வகை ஹேமர் ட்ரில்லில் கான்கிரீட்டில் 6 முதல் 8 மி.மீ. துளைகளை, ஒரு நாளில் சில என்ற அளவில், சிரமமில்லாமல் போடலாம், 10 மி.மீ. எப்போதாவது ஒன்றிரண்டு. அதற்கு மேல் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான்: பல் தகடுகள் தரும் தட்டல் லேசானது, அதுவும் நாம் பின்னாலிருந்து அழுத்தினால்தான் பிறக்கும். ஒரு வேலையை முழுதாக எடுத்துப் பார்ப்போம். 8 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள பிளாஸ்டிக் பிளக் ஒன்றைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். பிட் 8 மி.மீ.; துகள் தங்க இடம் விட்டு ஆழம் 50 மி.மீ.; ஆழ அளவுகோலை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் தட்டல் இல்லாமல் சிறு குழி விழச் செய்து, பிறகு சுத்தியல் நிலைக்கு மாற்றி, இரண்டாம் கியரில் சீராக அழுத்த வேண்டும். வெண்சாம்பல் துகள் தொடர்ந்து வந்தால் வேலை சரியாகப் போகிறது. திடீரென முன்னேற்றம் நின்று, ஒலி கூர்மையாகி, துகளுக்கு நடுவே மினுங்கும் உலோகப் பொடி தெரிந்தால் பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டது. மேலும் அழுத்தினால் கார்பைடு முனை உடையும். துளையை இடம் மாற்றுவதே வழி. மின்கம்பியோ நீர்க்குழாயோ போகும் பகுதியில் துளையிடக் கூடாது என்பதையும் சுவர் வேலை பற்றிய வரியில் சேர்த்துவிடுங்கள்.

டைல்ஸில் துளையிடும்போது தட்டல் நிலை கூடவே கூடாது. டைல்ஸுக்குரிய பிட்டுடன் மெதுவாகச் சுழற்றி, ஓடு கடந்த பிறகே சுத்தியல் நிலைக்கு மாற வேண்டும். இரும்பிலும் மரத்திலும்கூடத் தட்டல் நிலை கூடாது.

ஏற்காத வேலைகளை எழுதத் தயங்காதீர்கள். சுவரைச் செதுக்குதல் இந்தக் கருவியால் முடியாது, ஏனெனில் சுழலாமல் அடிக்கும் நிலை இதில் இல்லை. குழாய் நுழையும் அகலமான துளைக்குக் கோர் கட்டர் இயந்திரம் வேண்டும். சிமெண்ட் கலவையையோ கெட்டியான பெயின்ட்டையோ துடுப்புப் பொருத்திக் கலக்குவதற்குச் சிலர் ட்ரில்லைப் பயன்படுத்துகிறார்கள். நீண்ட நேரம் குறைந்த வேகத்தில் பெருஞ்சுமையை இழுப்பதால் மோட்டார் சூடாகி எரிந்த நாற்றம் வரும். இவற்றைப் படித்துவிட்டு வாங்காமல் விலகிப் போகிறவர், வாங்கியிருந்தாலும் எப்படியும் உங்கள் கருவியைத் திருப்பித் தந்திருப்பார்.

ஏழாம் படி: எழுதி முடித்த விவரம்

மேலே பார்த்தவற்றைச் சேர்த்தால், நம் எடுத்துக்காட்டுக் கருவியின் விவரம் இப்படி அமையும்:

"பேட்டரி ஹேமர் ட்ரில், துளையிடுதல், ஸ்க்ரூ முறுக்குதல், தட்டல் சேர்த்துத் துளையிடுதல் ஆகிய மூன்று நிலைகள் உண்டு. 18 வோல்ட் (ஐந்து செல், 20 வோல்ட் மேக்ஸ் எனப்படுவதும் இதே வகுப்பு). 2.0 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் இரண்டு, 220–240 வோல்ட்டில் ஓடும் சார்ஜர் ஒன்று. கையால் இறுக்கும் உலோகச் சக், 1.5 முதல் 13 மி.மீ. வரை பிடிக்கும், நேரான அல்லது அறுகோணத் தண்டுள்ள பிட்டுகளுக்கு மட்டும். இரண்டு கியர்: 0–500, 0–1,800 சுற்று (சுமையில்லாமல்). முறுக்குவிசை: கடின இணைப்பில் 50, மரத்தில் ஸ்க்ரூ முறுக்கும்போது 27 நியூட்டன் மீட்டர். பக்கக் கைப்பிடி, ஆழ அளவுகோல், சுவர் பிட் 6 மற்றும் 8 மி.மீ. தலா ஒன்று, போசிடிரைவ் ஸ்க்ரூ பிட் ஒன்று, பெட்டி ஆகியவை உண்டு. இரும்புப் பிட்டும் மரப் பிட்டும் இல்லை. ஏற்ற வேலைகள்: இரும்பில் 10 மி.மீ. வரை (முன்துளை போட்டு, முதல் கியரில் 13), மென்மரத்தில் 38 மி.மீ. வரை, செங்கல் சுவரில் 13 மி.மீ. வரை, கான்கிரீட்டில் அவ்வப்போது 8 மி.மீ. வரை, ஸ்க்ரூ முறுக்குதல். ஏற்காதவை: தொடர்ச்சியான கான்கிரீட் வேலை, சுவர் செதுக்குதல், குழாய்த் துளை, கலவை கலக்குதல்."

பழைய கருவியாக இருந்தால் இதனுடன் பேட்டரியின் நிலையைச் சேர்க்க வேண்டும். அதை "நல்ல நிலை" என்ற சொல்லால் எழுதாமல் சோதித்து எழுதுவதே முறை. இரண்டு பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ஓரிரவு கழற்றி வைத்து, மறுநாள் ஒரே பலகையில், ஒரே பிட்டால், ஒரே ஆழத்துக்கு இரண்டையும் தனித்தனியே தீரும்வரை ஓட்டுங்கள். துளைகளின் எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக வந்தால் அந்த எண்ணையும், பலகையின் வகையையும், பிட்டின் அளவையும் அப்படியே எழுதுங்கள். ஒன்று மிகக் குறைவாக வந்தால், அந்தப் பேட்டரியின் மேல் ஓர் ஒட்டுத்தாளில் குறியிட்டு, "இரண்டு பேட்டரிகளில் ஒன்று பலவீனமானது, குறியிட்டது" என்று விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.